மொட்டை மாடி பாட்லக்: அண்டை வீட்டாருக்கு அழைப்புக் கடிதம் எழுதுவது எப்படி, சாப்பாடு சரிவிகிதமாக வரவைப்பது எப்படி

ஒவ்வொரு வீடும் ஒரு பதார்த்தம் கொண்டு வந்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவதுதான் பாட்லக். அதற்கு "எல்லாரும் அவங்கவங்களால முடிஞ்சதைக் கொண்டு வாங்க" என்று எழுதிய அழைப்புக்கு என்ன வரும் என்பதை எங்கள் குடியிருப்பிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் பலமுறை பார்த்திருக்கிறேன். நாலு எலுமிச்சை சாதம், மூணு கேசரி, ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட் வரும். காய் இருக்காது, தயிர் சாதம் இருக்காது. கடிதம் எழுதியவர் கடைசி நேரத்தில் கடைக்கு ஓடுவார்.

இதில் சமைத்தவர்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டியதைக் கடிதம் யோசிக்கவில்லை, அதுதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் கடிதம் எழுதும் வேலை பாதியில்தான் வரும். அதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் கடிதம் அரை மணி நேர வேலை.

எடுத்துக்காட்டுக்குச் சென்னைப் புறநகரில் 16 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் மாலைச் சாப்பாடு. 12 வீடுகள் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

## 1. எழுத உட்காருவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் தேதி. ஞாயிற்றுக்கிழமை மாலைதான் வசதி. சனிக்கிழமை அசைவம் தொடாத வீடுகள் நிறைய உண்டு. வெள்ளி, செவ்வாயும் அப்படித்தான். புரட்டாசி மாதம் முழுக்கவே பலர் சாப்பிட மாட்டார்கள். கார்த்திகையிலிருந்து தை முதல் வாரம் வரை ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீட்டாரை மாலை 5 மணிக்குச் சாப்பிடக் கூப்பிடுவது சரியில்லை.

2026-ஐ எடுத்துக்கொண்டால் பிப்ரவரி 8, ஞாயிறு நல்ல நாள். தைப்பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. மகா சிவராத்திரி 15-ஆம் தேதி. நோன்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மழையும் இருக்காது, வெயில் காலமும் ஆரம்பித்திருக்காது. நாள்காட்டியை ஒரு தடவை இப்படிப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதினால், கடிதம் போன பிறகு "அன்னைக்கு எங்களுக்கு விரதம்" என்று மூன்று வீட்டில் சொல்லும் சங்கடம் வராது.

அடுத்தது அசைவம் உண்டா இல்லையா. இதை எழுதும் முன்பே முடிவு செய்து கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சைவ வீட்டார் வரத் தயங்குவார்கள், அசைவ வீட்டார் கேட்கத் தயங்குவார்கள். அசைவம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் சரிதான், ஒரு வரியில் சொல்லிவிடலாம். உண்டு என்றால் தனி மேசை, தனிக் கரண்டி, அதுவும் மாடியின் மறுகோடியில். இந்த விவரமும் கடிதத்தில் இருக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் சில வீடுகள் வருவதா வேண்டாமா என்றே முடிவு செய்யும்.

மூன்றாவது, மாடிக்கு அனுமதி. சங்கத்துச் செயலாளரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ கேட்டுவிட்டு எழுதுங்கள். மாடியில் விளக்கும் ஒரு பிளக் பாயிண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

## 2. தலைகளை எண்ணுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் வரக்கூடிய 12 வீடுகளில் பெரியவர்கள் 27, பத்து வயதுக்குக் கீழ் குழந்தைகள் 9. குழந்தையை அரைப் பங்காகக் கணக்கிட்டால் மொத்தம் முப்பத்தொன்றரை, அதாவது கிட்டத்தட்ட 32 பங்கு.

இந்த 32-தான் இனி எல்லா அளவுக்கும் அடிப்படை. எண்ணாமல் "சுமார் 40 பேர்" என்று கடிதத்தில் போட்டால், ஒவ்வொரு வீடும் 40 பேருக்குச் சமைக்க ஆரம்பிக்கும். பன்னிரண்டு வீடும் அப்படிச் சமைத்தால் ஒரு கல்யாணப் பந்திக்குப் போதும்!

## 3. பதார்த்தமாக எழுதாதீர்கள், இடங்களாக எழுதுங்கள்

சரியாக வருவதா வராமல் போவதா என்பது இந்தப் படியில்தான் இருக்கிறது. புதிதாகக் கடிதம் எழுதுபவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒன்று, எதுவும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அல்லது "2-ஆம் எண் வீடு: புளியோதரை, 3-ஆம் எண் வீடு: அவியல்" என்று உத்தரவு போட்டுவிடுகிறார்கள். முதல் வகையில் எல்லாரும் ஒன்றையே செய்கிறார்கள். இரண்டாம் வகையில் "என்னைக் கேட்காமலே எனக்கு அவியலா?" என்று முகம் சுளிக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. இலையில் எந்தெந்த இடம் நிரம்ப வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் எந்தப் பதார்த்தம் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். 12 வீட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்:

| இடம் | எத்தனை வீடு | அளவு (ஒரு வீட்டுக்கு) |
|---|---|---|
| கலந்த சாதம் (சாம்பார் சாதம், புளியோதரை, காய்கறி பிரியாணி போல) | 3 | அரை கிலோ அரிசி |
| தயிர் சாதம் | 1 | அரை கிலோ அரிசி |
| பொடி இட்லி | 1 | 60 இட்லி |
| வறுவல் அல்லது பொரியல், கூட்டு | 2 | ஒன்றரை முதல் 2 கிலோ காய் |
| சுண்டல் | 1 | அரை கிலோ காய்ந்த கடலை |
| பச்சைக் காய் கோசுமல்லி | 1 | ஒன்றரை கிலோ காய் |
| இனிப்பு | 1 | 3 லிட்டர் பாயசம் அல்லது அதற்கு ஈடானது |
| அசைவக் குழம்பு (தனி மேசை) | 1 | ஒன்றரை கிலோ கறி |
| அடுப்பு வேண்டாதவை (வாழைப்பழம், ஊறுகாய், தண்ணீர் கேன், இலை, டம்ளர்) | 1 | கடையில் வாங்கியது |

இந்தப் பட்டியலில் சில இடங்கள் ஏன் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கையை மாற்றும்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று தெரிய வேண்டுமே.

தயிர் சாதத்தைக் கலந்த சாதத்தோடு சேர்க்காமல் தனி இடமாக வைத்திருக்கிறேன். சேர்த்து வைத்தால் யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. விருந்துக்குக் கொண்டு போக அது சாதாரணமாகத் தோன்றுகிறது போல. ஆனால் காரம் சாப்பிடாத குழந்தைகள், வயதானவர்கள், கடைசியில் வயிற்றைக் குளிர்விக்க நினைப்பவர்கள் என எல்லாரும் தேடுவது அதைத்தான்.

சுண்டல் இல்லையென்றால் சைவ மேசை முழுக்கச் சாதமும் கிழங்கும்தான். சாம்பார் சாதத்தில் கொஞ்சம் பருப்பு இருக்கும், அது போதாது. சுண்டல் ஆறினாலும் ருசி மாறாது, எடுத்து வரச் சுலபம்.

கோசுமல்லி எல்லாப் பதார்த்தமும் எண்ணெயும் புளியுமாகப் போய்விடாமல் காப்பாற்றும். வெள்ளரி, கேரட், ஊறவைத்த பாசிப்பருப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். அடுப்பே வேண்டாம்.

இனிப்புக்கு ஒரே ஒரு இடம். இதில் கண்டிப்பாக இருங்கள். இனிப்பு செய்ய எல்லாருக்கும் ஆசை, ஆனால் ஒருவர் ஒரு கரண்டிக்கு மேல் சாப்பிடுவதில்லை.

இன்னொரு குறுக்குச் சோதனையும் செய்யுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடு ஒன்றாவது அநேகமாக எல்லாக் குடியிருப்பிலும் இருக்கும். அவர்கள் இலையில் குறைந்தது ஐந்து பதார்த்தமாவது விழ வேண்டும். புளியோதரை, தயிர் சாதம், சுண்டல், கோசுமல்லி, பாயசம் ஐந்தையும் வெங்காயம், பூண்டு இல்லாமல் செய்வதுதான் நம் ஊர் வழக்கம். அதனால் இந்த இடங்களுக்கு நேரே "வெங்காயம், பூண்டு இல்லாமல்" என்று கடிதத்திலேயே போட்டுவிட்டால் யாருக்கும் கூடுதல் வேலை இல்லை. புளியோதரையை எடுக்க ஆள் வராவிட்டால் எலுமிச்சை சாதமோ தேங்காய் சாதமோ போதும்.

## 4. அளவை அரிசிக் கணக்கில் சொல்லுங்கள்

"15 பேருக்கு" என்று எழுதினால் ஒரு வீட்டில் ஒரு கிலோ அரிசி போடுவார்கள், இன்னொரு வீட்டில் முக்கால் கிலோ. "அரை கிலோ அரிசி" என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு.

சாதத்துக்கு நாலு வீடு, தலா அரை கிலோ, மொத்தம் 2 கிலோ அரிசி. 32 பங்காகப் பிரித்தால் ஒருவருக்குச் சுமார் 60 கிராம் அரிசி. வீட்டில் தனியாகச் சாதம் மட்டும் சாப்பிட இது குறைவு. ஆனால் இங்கே ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு இட்லி, காய், சுண்டல், பாயசம் எல்லாம் சேர்கின்றன. சரியாக இருக்கும்.

ஏன் ஒரு கிலோ வேண்டாம், அரை கிலோ போதும்? வீட்டு குக்கர்தான் காரணம். அரிசி, பருப்பு பொங்கும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சாம்பார் சாதத்துக்கு அரை கிலோ அரிசி, 200 கிராம் பருப்பு, நிறையத் தண்ணீர் என்றாலே 5 லிட்டர் குக்கரில் இரண்டு ஈடு வைக்க வேண்டும். ஒரு கிலோ என்றால் நாலு ஈடு. அப்படி ஒருமுறை செய்தவர் அடுத்த பாட்லக்குக்கு வர மாட்டார்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: வழக்கமாக வீட்டில் சமைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் யாரையும் கேட்காதே. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அரை கிலோ அரிசி அந்த வரம்புக்குள்தான் வரும். 60 இட்லி என்பது 16 குழித் தட்டில் நாலு ஈடு. அதற்கு மேல் கேட்டால் இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

அசைவத்துக்கு மட்டும் 32 பங்கு என்ற கணக்கு பொருந்தாது. அன்று சாப்பிடுபவர்களை மட்டும் எண்ணி, தலைக்கு 100 கிராம் கறி. 15 பேர் என்றால் ஒன்றரை கிலோ.

## 5. கடிதத்தில் எது முன்னால், எது பின்னால்

முதல் வரியிலேயே நாள், நேரம், இடம். பலர் அதைத் தாண்டிப் படிக்கவே மாட்டார்கள். "வசந்தத்தின் இனிய மாலைப் பொழுதில்" என்று தொடங்கும் கடிதத்தில் தேதியைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, இது எப்படிப்பட்ட சாப்பாடு என்பது. பாட்லக் என்ற பெயர் தெரியாத பெரியவர்கள் இருப்பார்கள். "நம்மைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், போய்ச் சாப்பிட்டு வரலாம்" என்று நினைத்துக் கையை வீசிக்கொண்டு வந்து, மற்றவர்கள் பாத்திரத்தோடு நிற்பதைப் பார்த்துக் கூச்சப்படுவார்கள். "ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம்" என்று ஒரு வரி போதும்.

மூன்றாவதாகச் சைவம், அசைவம் பற்றிய வரி. நான்காவதாகப் பட்டியல். ஐந்தாவதாகச் சமைக்க முடியாதவர்களுக்கான வரி. இதை எழுதும்போது கவனம் வேண்டும். "சமைக்கத் தெரியாதவர்கள் தண்ணீர் கேன் கொண்டு வரலாம்" என்று எழுதினால் மூன்றாம் மாடிப் பையன்கள் வரவே மாட்டார்கள். அதையும் பட்டியலில் மற்றதைப் போல ஓர் இடமாகவே வைத்துவிடுங்கள்.

கடைசியாகப் பதில் சீட்டும் கெடு நாளும். பதில் சீட்டில் இரண்டு விருப்பம் கேளுங்கள். ஒன்று மட்டும் கேட்டால், மோதல் வரும்போது மறுபடியும் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.

"வர இயலவில்லை" என்று சொல்லவும் சீட்டில் ஓர் இடம் வேண்டும். காரணம் கேட்காதீர்கள். வீட்டில் துக்கம் நடந்து வருடம் திரும்பாமல் இருக்கலாம், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ஒரு கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பின்பக்கம் திருப்ப வேண்டிய கடிதத்தில் சீட்டு கிழிபடாமல் அப்படியே இருக்கும்.

## 6. கடிதம்

மேலே சொன்ன வரிசையில் எழுதினால் இப்படி வரும்:

> அன்புள்ள பக்கத்து வீட்டாருக்கு வணக்கம்.
>
> வரும் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 மணிக்கு நம் மொட்டை மாடியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைக்கிறோம். 7 மணிக்குச் சாப்பாடு. மறுநாள் பள்ளிக்கூடம் இருப்பதால் 9 மணிக்கு முடித்துவிடலாம். உங்கள் வீட்டில் உள்ள அனைவரும் வர வேண்டும்.
>
> இது பாட்லக் முறை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம் வரும், எல்லாரும் எல்லாவற்றையும் பகிர்ந்து சாப்பிடலாம்.
>
> முதன்மை மேசை முழுக்கச் சைவம். அசைவக் குழம்பு ஒன்று மட்டும், தண்ணீர்த் தொட்டி பக்கம் தனி மேசையில், தனிக் கரண்டியோடு இருக்கும்.
>
> ஒரே பதார்த்தம் நாலு வீட்டிலிருந்து வராமல் இருக்க, கீழே சில இடங்களாகப் பிரித்திருக்கிறோம். என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். இரண்டைத் தேர்ந்தெடுத்துச் சீட்டில் எழுதுங்கள்.
>
> 1. கலந்த சாதம் ஏதாவது ஒன்று – அரை கிலோ அரிசி (3 வீடு). புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் சாதம் என்றால் வெங்காயம், பூண்டு இல்லாமல்
> 2. தயிர் சாதம் – அரை கிலோ அரிசி (1 வீடு), வெங்காயம், பூண்டு இல்லாமல்
> 3. பொடி இட்லி – 60 (1 வீடு)
> 4. வறுவல், பொரியல் அல்லது கூட்டு – ஒன்றரை முதல் 2 கிலோ காய் (2 வீடு)
> 5. சுண்டல் – அரை கிலோ கடலை (1 வீடு), வெங்காயம், பூண்டு இல்லாமல்
> 6. கோசுமல்லி – ஒன்றரை கிலோ காய் (1 வீடு), வெங்காயம், பூண்டு இல்லாமல்
> 7. இனிப்பு – பாயசம் என்றால் 3 லிட்டர் (1 வீடு)
> 8. அசைவக் குழம்பு – ஒன்றரை கிலோ கறி (1 வீடு)
> 9. பழம், ஊறுகாய், தண்ணீர் கேன், இலை, டம்ளர் (1 வீடு)
>
> அளவு குறைவாகத் தோன்றலாம். எல்லாப் பதார்த்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது, தாராளமாகப் போதும். கடையில் வாங்கி வருவதும் சரியே.
>
> கீழே உள்ள சீட்டைக் கிழித்து ஜனவரி 30, வெள்ளிக்கிழமைக்குள் முதல் மாடி 4-ஆம் எண் வீட்டில் கொடுங்கள். வர இயலாவிட்டாலும் சீட்டை மட்டும் தந்தால் உதவியாக இருக்கும்.
>
> அன்புடன்,
> 4-ஆம் எண் வீட்டார்
>
> ✂ – – – – – – – – – – – – – – –
>
> வீட்டு எண்: ____ பெரியவர்கள்: ____ குழந்தைகள்: ____
> முதல் விருப்பம் (எண்): ____ இரண்டாவது விருப்பம் (எண்): ____
> எங்கள் வீட்டில் யாருக்காவது ஆகாத உணவு (வேர்க்கடலை, முந்திரி, பால் போல): ____________
> ☐ இந்த முறை வர இயலவில்லை

"எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைக்கிறோம்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "உங்களை விருந்துக்கு அழைக்கிறோம்" என்று எழுதினால், அழைத்தவர்தானே சாப்பாடு போட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். பிறகு பட்டியல் நீட்டுவது பொருந்தாது.

"வீட்டில் உள்ள அனைவரும்" என்பதும் வேண்டும். இல்லையென்றால் மாமியாரை விட்டுவிட்டு வருவார்கள், அல்லது ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டி வரலாமா என்று தயங்குவார்கள்.

குடியிருப்பில் தமிழ் படிக்கத் தெரியாத வீடுகள் இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இன்னொரு பிரதி எடுங்கள். பட்டியலில் உள்ள எண்கள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் எண்தானே வரப்போகிறது.

## 7. கையில் கொடுங்கள்

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, அதாவது ஜனவரி 18 வாக்கில் கடிதம் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஏதாவது ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் போட்டால் போதாது. தண்ணீர் லாரி, வாட்ச்மேன் லீவு என்ற செய்திகளுக்கு அடியில் அது போய்விடும். வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளர்கள் குழுவில் இருக்கவே மாட்டார்கள். அதோடு, நேரில் வந்து கூப்பிட்டால்தான் அழைப்பு என்று நினைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கதவைத் தட்டி, "மாமி, ஒரு சின்ன ஏற்பாடு, அவசியம் வரணும்" என்று சொல்லிக் கையில் கொடுக்க இரண்டு நிமிடம். அங்கேயே நின்று பதில் கேட்காதீர்கள். வீட்டில் பேசி முடிவு செய்ய அவகாசம் வேண்டும்.

வராமல் போகும் என்று நீங்கள் நினைக்கிற நாலு வீட்டுக்கும் கடிதம் கட்டாயம் போக வேண்டும். கெடு நாளுக்கு முந்தைய மாலை குழுவில் ஒரு வரி நினைவூட்டல் போடலாம். குழு அதற்கு நல்லது.

## 8. சீட்டுகள் வந்த பிறகு இடம் ஒதுக்குவது

நீங்கள் சீட்டு எழுதாதீர்கள். கடைசியில் எது காலியாக இருக்கிறதோ அது உங்களுடையது. இதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நம் எடுத்துக்காட்டில் மற்ற 11 வீட்டின் முதல் விருப்பம் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: கலந்த சாதம் 4, இனிப்பு 3, பொடி இட்லி 1, அசைவம் 1, அடுப்பு வேண்டாதவை 2. காய், சுண்டல், தயிர் சாதம், கோசுமல்லி நாலையும் யாரும் தொடவில்லை. பொதுவாக இப்படித்தான் வரும், பதற வேண்டாம்.

முதலில் மாற்ற முடியாதவர்களுக்கு ஒதுக்குங்கள். இட்லி வீடும் அசைவ வீடும் அப்படியே. இனிப்புக்கு மூன்று பேர் என்றால், வேறு எதுவும் செய்ய இயலாதவருக்குக் கொடுங்கள். தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குக் காய் நறுக்க முடியாது, ஆனால் பாயசம் கிளற முடியும். மற்ற இரண்டு வீட்டின் இரண்டாவது விருப்பத்தைப் பாருங்கள். ஒருவர் சுண்டல், ஒருவர் உருளைக்கிழங்கு வறுவல் என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது.

கலந்த சாதத்தில் ஒரு வீடு கூடுதல். அந்த நாலு வீட்டிலும் யார் யார் என்ன சாதம் செய்வதாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எலுமிச்சையும் புளியோதரையும் இரண்டுமே புளிப்பு. அந்த இரண்டு வீட்டில் ஒன்றைத் தயிர் சாதத்துக்கு மாற்றுவதுதான் இலைக்கு நல்லது. "குழந்தைகளுக்கு அதுதான் வேணும், நீங்க செஞ்சா நல்லா இருக்கும்" என்று நேரில் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எழுத்தில் அனுப்பினால் திருப்பி அனுப்பப்பட்டதைப் போல இருக்கும்.

அடுப்பு வேண்டாதவை இரண்டு. ஒரு வீட்டைக் கோசுமல்லிக்கு மாற்றுங்கள். நறுக்கினால் போதும், அடுப்பே வேண்டாம்.

இப்போது மிச்சம் இருப்பது இரண்டாவது காய். பீன்ஸ், அவரைக்காய் என்று நறுக்கும் வேலை நிறைந்த பொரியல். அது உங்களுக்கு. ஒன்றரை கிலோ பீன்ஸை முந்தைய இரவே நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இனிப்பு வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு இடத்தில் கூடுதலாக ஒருவரை அனுமதித்தால் இன்னொரு இடம் நிச்சயம் காலியாகும். 12 வீடு, 12 இடம்.

## 9. இரண்டாவது சீட்டு

ஒதுக்கி முடித்ததும், பிப்ரவரி 2 வாக்கில், ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு. முதல் கடிதத்தில் எல்லாருக்கும் பொதுவான விஷயம் இருந்தது. இதில் அந்த வீட்டுக்கு மட்டும் உரியது. செய்முறைக் குறிப்புகளை முதல் கடிதத்தில் போட்டால் படிப்பவருக்குப் பாடம் நடத்துவது போல இருக்கும். அதனால்தான் இங்கே வைத்திருக்கிறேன்.

> 7-ஆம் எண் வீட்டாருக்கு,
> உங்களிடமிருந்து: சாம்பார் சாதம், அரை கிலோ அரிசி.
> கொஞ்சம் தளர்வாகச் செய்யுங்கள், ஆறினால் இறுகிவிடும்.
> பாத்திரத்தில் வீட்டு எண் ஒட்டி, ஒரு கரண்டியோடு 6.45-க்குள் மாடிக்குக் கொண்டு வாருங்கள்.
> மிஞ்சியதை அவரவர் பாத்திரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

நடு வரி மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். தயிர் சாதத்துக்கு: பால் கூடுதலாகவும் தயிர் குறைவாகவும் ஊற்றுங்கள், சாப்பிடும் நேரத்துக்குள் புளிக்காது. கோசுமல்லிக்கு: உப்பும் எலுமிச்சையும் மாடியில் வந்து சேருங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். சுண்டலுக்கு: கடலையை முந்தைய இரவே ஊறப்போடுங்கள், தேங்காயைக் கடைசியில் தூவுங்கள். பாயசத்துக்கு: முந்திரி ஆகாதவர் யாராவது சீட்டில் எழுதியிருந்தால், வறுத்த முந்திரியைத் தனிக் கிண்ணத்தில் கொண்டு வாருங்கள்.

6.45 என்று நேரம் குறித்ததற்குக் காரணம் உண்டு. சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைப்பது நல்லதல்ல. 5 மணிக்கே மாடியில் கொண்டு வந்து அடுக்கினால் 7 மணிக்கே அந்த நேரம் தீர்ந்துவிடும். ஹாட்பேக்கில் சூடாக எடுத்து வருபவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் கடைசி நேரத்தில் கொண்டு வரட்டும். இரவு மிஞ்சும் தேங்காய், தயிர் சேர்ந்தவற்றை யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள். புளியோதரையும் பழமும் போதும்.

கரண்டி வரியை விட்டுவிடாதீர்கள். பதார்த்தம் பன்னிரண்டு வரும், கரண்டி நாலு வரும். பிறகு பாயசக் கரண்டி சுண்டலுக்குள் போகும், அசைவ மேசைக் கரண்டி இடம் மாறும். முதல் கடிதத்தில் கொடுத்த வாக்கு அங்கே கெட்டுவிடும். கூடுதலாக நாலு கரண்டியை நீங்களே எடுத்து வையுங்கள்.

அன்று காலையில் ஒரு வீட்டில் வர முடியவில்லை என்று தகவல் வந்தால், எந்த இடம் என்று பாருங்கள். கலந்த சாதத்தில் ஒன்று குறைந்தால் விட்டுவிடலாம், வருபவர்களும் அந்த அளவுக்குக் குறைந்திருப்பார்கள். இனிப்பு என்றால் கடையில் ஒரு கிலோ வாங்கலாம். தயிர் சாதம் மட்டும் விடக் கூடாது. அரை கிலோ அரிசி, ஒரு லிட்டர் பால், அரை லிட்டர் தயிர் எப்போதும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.